வேரியன்ஸ் சமமில்லை என்று தோன்றும்போது: தொகுப்பு டி-சோதனையா, வெல்ச் டி-சோதனையா?

இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிட உட்காருகிறீர்கள். சராசரியைக் கணக்கிட்டு, கூடவே திட்ட விலக்கத்தையும் பார்க்கிறீர்கள். ஒரு குழுவில் 3.8, மற்றதில் 6.2. மென்பொருளோ இரண்டு வகை டி-சோதனைகளை நீட்டுகிறது. ஒன்று இரு குழுக்களின் வேரியன்ஸும் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. மற்றது அப்படி எதையும் எடுத்துக்கொள்வதில்லை. எதைத் தேர்வது?

புதிதாகப் புள்ளியியல் பழகுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு சோதனையைத் தேடிப் போகிறார்கள். வேரியன்ஸ் சமமா என்று முதலில் சோதித்து, அதன் முடிவைக் கொண்டு டி-சோதனையைத் தேர்கிறார்கள். பாடநூல்கள் பலவும் நீண்டகாலம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தன. நான் இதை ஏற்பதில்லை. காரணத்தைச் சொற்களால் மட்டும் விளக்குவதைவிட, ஒரு தரவைக் கையிலெடுத்துக் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

வேரியன்ஸ் என்று நான் எழுதுவது, பள்ளியில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்த அதே அளவுதான். திட்ட விலக்கத்தின் வர்க்கம். இரு குழுக்களின் வேரியன்ஸையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடுவதால், சமம் என்று எடுத்துக்கொள்ளும் முதல் வகையைத் தொகுப்பு டி-சோதனை என்கிறேன். அப்படி எடுத்துக்கொள்ளாத இரண்டாவது வகைதான் வெல்ச் டி-சோதனை. தொகுப்பு என்பதை ஆங்கில வகுப்பறைகளில் பூல்டு என்று கேட்டிருப்பீர்கள்.

கையில் எடுக்கும் தரவு

ஆர் மென்பொருளை நிறுவினாலே `mtcars` என்ற தரவும் கூடவே வரும். 1974-ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார் இதழ் ஒன்றிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரங்கள் அதில் இருக்கின்றன. `mpg` என்ற பத்தி மைலேஜ். ஒரு காலன் எரிபொருளுக்கு எத்தனை மைல் ஓடும் என்பது. `am` என்ற பத்தியில் 0 என்றால் தானியங்கி கியர், 1 என்றால் கையால் மாற்றும் கியர்.

தானியங்கி கியர் கார்கள் 19. அவற்றின் சராசரி மைலேஜ் 17.15, திட்ட விலக்கம் 3.83, வேரியன்ஸ் 14.70. கை கியர் கார்கள் 13. சராசரி 24.39, திட்ட விலக்கம் 6.17, வேரியன்ஸ் 38.03. சராசரிகளுக்கு இடையே 7.24 மைல் வேறுபாடு. வேரியன்ஸ்களின் விகிதமோ ஏறக்குறைய 2.6.

முதல் படி: எந்தக் குழு சிறியது, எந்தக் குழு சிதறியது?

விகிதம் 2.6 பெரிதா சிறிதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அதற்கு முன் பார்க்க வேண்டியது, அதிகம் சிதறியிருக்கும் குழுவில் எண்ணிக்கை அதிகமா குறைவா என்பது. இங்கே சிதறல் அதிகமான கை கியர் குழுவில் 13 கார்கள்தான். நெருங்கி நிற்கும் தானியங்கி குழுவில் 19. சிறிய குழுவே சிதறிய குழுவாகவும் அமைந்துவிட்டது. தொகுப்பு டி-சோதனை மிக மோசமாக ஏமாற்றுவது இந்த அமைப்பில்தான். ஏன் என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

இரண்டாம் படி: இரண்டு திட்டப் பிழைகளையும் கையால் போட்டுப் பாருங்கள்

டி மதிப்பு என்பது சராசரிகளின் வேறுபாட்டைத் திட்டப் பிழையால் வகுத்தால் கிடைப்பது. மேலே இருக்கும் 7.24 இரண்டு சோதனைகளுக்கும் பொது. கீழே வரும் திட்டப் பிழையில்தான் இரண்டும் பிரிகின்றன.

தொகுப்பு முறை முதலில் இரு வேரியன்ஸையும் கலந்து ஒன்றாக்குகிறது:

```
sp² = (18 × 14.70 + 12 × 38.03) / 30 = 24.03
SE  = √( 24.03 × (1/19 + 1/13) )     = 1.764
t   = 7.245 / 1.764                  = 4.106,  df = 30
```

முதல் வரியில் 18, 12 என்ற எடைகளைக் கவனியுங்கள். அவை குழுவின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வந்தவை. கலவையில் நூற்றுக்கு 60 பங்கு அமைதியான தானியங்கி குழுவின் குரல். சிதறிய குழுவுக்கு 40 பங்குதான்.

வெல்ச் முறை கலப்பதே இல்லை. ஒவ்வொரு குழுவின் வேரியன்ஸையும் அதனதன் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுகிறது:

```
14.70/19 + 38.03/13 = 0.774 + 2.925 = 3.699
SE = √3.699         = 1.923
t  = 7.245 / 1.923  = 3.767
```

இப்போது 0.774, 2.925 என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். வேறுபாட்டைப் பற்றி நமக்கு இருக்கும் நிச்சயமின்மையில் நூற்றுக்கு 79 பங்கு கை கியர் குழுவிலிருந்து வருகிறது. இருப்பவை 13 கார்கள், அவையும் சிதறிக் கிடக்கின்றன. அந்தச் சராசரியைத்தான் நாம் குறைவாக நம்ப முடியும். அப்படிப்பட்ட குழுவுக்குத் தொகுப்பு முறை 40 பங்கு எடைதான் கொடுத்தது. அதனால்தான் அதன் திட்டப் பிழை 1.764 என்று சுருங்கிப்போனது. உள்ளதைவிட அதிகத் துல்லியம் இருப்பதாக அது காட்டிக்கொள்கிறது.

மிச்சமிருப்பது கட்டின்மை எண், அதாவது திரையில் `df` என்று வருவது. தொகுப்பு முறையில் அது எப்போதும் மொத்த எண்ணிக்கையில் இரண்டு குறைவு, இங்கே 30. வெல்ச் முறையில் அதையும் தரவிலிருந்தே கணக்கிடுகிறோம்:

```
df = 3.699² / (0.774²/18 + 2.925²/12) = 18.3
```

பின்னத்தில் கட்டின்மை எண் வருவதைக் கண்டு ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். தவறு ஏதுமில்லை. இந்த எண் எப்போதும் இரண்டு எல்லைகளுக்குள் இருக்கும். மேலெல்லை தொகுப்பு முறையின் 30. கீழெல்லை, சிறிய குழுவின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, இங்கே 12. நிச்சயமின்மையின் பெரும்பகுதி 13 கார்களிலிருந்தே வருவதால் எண் 12-ஐ நோக்கி இறங்கி 18.3-இல் நிற்கிறது. நம்மிடம் பெயருக்கு 32 கார்கள் இருந்தாலும், வேறுபாட்டின் சிதறலை அறிவதற்கு அவை தரும் தகவல் அவ்வளவுதான் என்று இந்த எண் சொல்கிறது.

ஆரில் இதையெல்லாம் இரண்டு வரிகளில் முடித்துவிடலாம்:

```r
t.test(mpg ~ am, data = mtcars, var.equal = TRUE)  # தொகுப்பு
t.test(mpg ~ am, data = mtcars)                    # வெல்ச்
```

தானியங்கி குழுவை முதலில் எடுத்துக்கொள்வதால் திரையில் `t` எதிர்க்குறியோடு வரும், அளவு ஒன்றுதான். முதல் வரி `p = 0.000285` என்கிறது, இரண்டாவது `p = 0.001374`. ஏறக்குறைய ஐந்து மடங்கு இடைவெளி. வேறுபாட்டுக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி தொகுப்பு முறையில் 3.64 முதல் 10.85 மைல் வரை. வெல்ச் முறையில் 3.21 முதல் 11.28 வரை. இந்தத் தரவில் வேறுபாடு பெரியது என்பதால் இரண்டு முறைகளும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. பி-மதிப்பு 0.05-ஐ ஒட்டி நிற்கும் தரவில் இதே இடைவெளி தீர்ப்பையே மாற்றிவிடும்.

மூன்றாம் படி: முன்சோதனையை விட்டுவிடுங்கள்

வேரியன்ஸ் சமமா என்று கேட்கும் எஃப்-சோதனையை இதே கார்கள் மீது ஓட்டினால் என்ன வரும்?

```r
var.test(mpg ~ am, data = mtcars)
```

விடை `p = 0.06691`. பழைய பாடத்தைப் பின்பற்றுகிறவர் இந்த எண்ணைப் பார்ப்பார், 0.05-ஐ விட அதிகம் என்பார், வேரியன்ஸ் சமம் என்று முடிவுகட்டித் தொகுப்பு முறைக்குப் போவார். நாம் இப்போதுதான் பார்த்தோம், இந்தத் தரவில் அந்த முறை திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டுகிறது என்று. முன்சோதனை அவரை நேராக அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டது.

காரணம் எளிது. 13, 19 என்ற எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டு 2.6 மடங்கு வேரியன்ஸ் வேறுபாட்டைக் கூட அந்தச் சோதனையால் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியவில்லை என்பதும் சமம் என்பதும் ஒன்றல்ல. சிறிய மாதிரிகளிலும் தொகுப்பு முறையின் தவறு ஆபத்தானது. அந்தச் சிறிய மாதிரிகளில்தான் முன்சோதனைக்குக் கண் தெரியாது. ஆயிரக்கணக்கில் தரவு இருக்கும்போதோ, பொருட்படுத்தத் தேவையில்லாத வேறுபாட்டைக் கூட அது பிடித்துக்கொண்டு சத்தம் போடும். போதாக்குறைக்கு, தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து சற்று விலகினாலும் எஃப்-சோதனை தடுமாறும். வேரியன்ஸ் சமமா என்று கேட்கும் இன்னொரு சோதனையான லெவீன் சோதனை அந்த வகையில் தேவலாம். ஆனால் சிறிய மாதிரியில் பார்வை மங்கும் குறை அதற்கும் உண்டு.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. முன்சோதனையின் முடிவைப் பார்த்து முதன்மைச் சோதனையை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நீங்கள் அறிவிக்கும் 5 சதவீதப் பிழை அளவு உண்மையில் 5 சதவீதமாக இருப்பதில்லை. இரண்டு படிகள் சேர்ந்த ஒரு புதிய நடைமுறையை நீங்கள் செய்திருக்கிறீர்கள். பி-மதிப்போ ஒரே படியைச் செய்ததாக நினைத்துக்கொண்டு கணக்கிட்டது.

ஆகவே தரவைப் பார்ப்பதற்கு முன்பே வெல்ச் என்று எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு பி-மதிப்புகளையும் பார்த்துவிட்டுப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் சபலத்துக்கும் அப்போது இடமிருக்காது.

ஆபத்து எவ்வளவு என்பதை நீங்களே பார்க்கலாம்

கார்களில் தவறு மிதமானது. அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, நாமே தரவு உண்டாக்கலாம். இரு குழுக்களின் உண்மைச் சராசரியும் பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடே இல்லை. ஆனால் 10 பேர் கொண்ட குழுவின் திட்ட விலக்கம் 3. 40 பேர் கொண்ட குழுவின் திட்ட விலக்கம் 1. பத்தாயிரம் முறை தரவு உண்டாக்கி, பத்தாயிரம் முறை இரண்டு சோதனைகளையும் செய்யச் சொல்வோம்:

```r
set.seed(1)
p <- replicate(10000, {
  a <- rnorm(10, 0, 3)
  b <- rnorm(40, 0, 1)
  c(t.test(a, b, var.equal = TRUE)$p.value,
    t.test(a, b)$p.value)
})
rowMeans(p < 0.05)
```

இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் தவறு நூற்றில் 5 முறைதான் நேர வேண்டும். தொகுப்பு முறையில் அது 20-ஐத் தாண்டிவிடும். வெல்ச் முறையில் 5-ஐ ஒட்டியே நிற்கும். இந்த ஒரு ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு என்னோடு வாதிட்டதில்லை.

இப்போது 3, 1 என்ற இரண்டு எண்களையும் இடம் மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். பெரிய குழு சிதறிய குழுவாகிவிடும். தொகுப்பு முறையின் தவறு நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அதைக் கண்டு மகிழ வேண்டாம். பொய் வேறுபாட்டை அவ்வளவு கண்டிப்பாக ஒதுக்கும் சோதனை, உண்மையான வேறுபாட்டையும் அதே கண்டிப்போடு ஒதுக்கிவிடும். உங்கள் ஆய்வில் இருக்கும் நல்ல விளைவொன்று கண்ணில் படாமலே போகும். திசை எதுவானாலும் வெல்ச் முறை 5-ஐ ஒட்டியே இருக்கும்.

வேரியன்ஸ் உண்மையிலேயே சமமாக இருந்தால்?

எப்போதும் வெல்ச் என்று வைத்துக்கொண்டால், தேவையில்லாத நேரத்தில் எதையாவது இழக்கிறோமா என்ற கேள்வி நியாயமானது. ஆரில் `ToothGrowth` என்று இன்னொரு தரவு இருக்கிறது. 60 கினி எலிகள். 30-க்கு ஆரஞ்சுச் சாறு வழியாகவும், 30-க்கு அஸ்கார்பிக் அமிலமாகவும் வைட்டமின் சி கொடுத்துப் பல்லின் வளர்ச்சியை அளந்தார்கள். திட்ட விலக்கங்கள் 6.61, 8.27, பெரிய இடைவெளி இல்லை. தொகுப்பு முறையில் `p = 0.06039`, கட்டின்மை எண் 58. வெல்ச் முறையில் `p = 0.06063`, கட்டின்மை எண் 55.3. நான்காவது தசம இடத்தில்தான் வித்தியாசம். இந்த முறைக்கு நாம் கட்டும் காப்பீட்டுத் தொகை இவ்வளவுதான்.

இந்த எலிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். இரண்டு முறைகளிலும் டி மதிப்பு 1.9153 என்றே வருகிறது. தற்செயல் இல்லை. இரு குழுக்களின் எண்ணிக்கையும் சமமானால் இரண்டு திட்டப் பிழைகளும் இயற்கணிதப்படியே ஒன்றாகிவிடும். கட்டின்மை எண் மட்டும்தான் மாறும். ஆய்வைத் திட்டமிடும் நிலையில் இருக்கிறீர்கள் என்றால், குழுக்களைச் சம எண்ணிக்கையில் அமைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிக்கலின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மென்பொருளில் வழுக்கும் இடம்

ஆரில் எதுவும் சொல்லாமல் விட்டால் வெல்ச் ஓடும். பைத்தானின் சைபை நூலகத்தில் எதுவும் சொல்லாமல் விட்டால் தொகுப்பு முறை ஓடும். ஒரே தரவை இரண்டிலும் ஓட்டி வெவ்வேறு விடை கிடைத்துக் குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான். பைத்தானில் இப்படி எழுத வேண்டும்:

```python
from scipy import stats
stats.ttest_ind(a, b, equal_var=False)
```

எக்செலில் `T.TEST` கட்டளையின் கடைசி எண் 2 என்றால் தொகுப்பு, 3 என்றால் வெல்ச். எஸ்பிஎஸ்எஸ் இரண்டையும் இரண்டு வரிகளாக அச்சிட்டு, பக்கத்திலேயே லெவீன் சோதனையையும் காட்டும். `Equal variances not assumed` என்று தொடங்கும் இரண்டாவது வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் எழுதிய அறிக்கையில் எந்த முறை என்று குறிப்பிடாமல் விட்டிருந்தால் கட்டின்மை எண்ணைப் பாருங்கள். பின்னமாக இருந்தால் வெல்ச். மொத்த எண்ணிக்கையில் சரியாக இரண்டு குறைந்திருந்தால் அநேகமாகத் தொகுப்பு.

தொகுப்பு முறைக்கும் நியாயமான இடம் உண்டு

மாதிரிகள் மிகச் சிறியவையாக இருக்கும்போது, ஒரு குழுவுக்கு நான்கு அளவீடுகள் என்று வைத்துக்கொள்வோம், தொகுப்பு முறையின் கட்டின்மை எண் 6. வெல்ச் முறையில் அது 3 வரை இறங்கக்கூடும். 5 சதவீதத்துக்கான எல்லை மதிப்பு 6-க்கு 2.447, 3-க்கு 3.182. சிறிய இழப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. அதே கருவியால், அதே முறையில் ஆண்டுக்கணக்காக அளந்து, அளவீட்டுப் பிழை மாறுவதில்லை என்று அறிந்த ஆய்வகம் தொகுப்பு முறையைத் தேர்ந்தால் அது சரியான முடிவு. சமம் என்ற அறிவு அங்கே பழைய அனுபவத்திலிருந்து வருகிறது. கையிலிருக்கும் நான்கு எண்களிலிருந்து வரவில்லை.

இன்னொரு இடம், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்த சோதனைகள். சிகிச்சைக்கு எந்த விளைவுமே இல்லை என்ற இன்மைக் கருதுகோள் உண்மையானால், இரு குழுக்களும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தவையே. வேரியன்ஸும் சமமாகத்தான் இருக்கும். அந்தக் கருதுகோளைச் சோதிக்க மட்டும் தொகுப்பு முறை போதும். ஆனால் விளைவு இருக்கிறது என்று கண்டபின் அது எவ்வளவு என்று நம்பிக்கை இடைவெளி போடும்போது இந்த நியாயம் உதவாது. சிலருக்கு நன்றாக வேலை செய்து சிலருக்கு வேலை செய்யாத மருந்து சிதறலையும் சேர்த்தே கூட்டிவிடும்.

வெல்ச் தீர்க்காதவை

1908-இல் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் டி-பரவலை வெளியிட்டார். வேரியன்ஸ் சமமில்லாத இரு குழுக்களை ஒப்பிடும் கேள்விக்கு, பெரன்ஸ், ஃபிஷர் என்ற புள்ளியியலாளர்களைத் தாண்டி, 1938-லும் 1947-லும் வெல்ச் எழுதிய கட்டுரைகளில்தான் இன்று நாம் பயன்படுத்தும் விடை உருவானது. அவர் தீர்த்தது அந்த ஒரு கேள்வியை மட்டுமே. ஒரே ஆளை இருமுறை அளந்திருந்தால் அது இணை டி-சோதனைக்கான தரவு, வெல்ச் உதவாது. ஒரே வகுப்பின் மாணவர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருந்தாலும் உதவாது. தரவு ஒரு பக்கம் நீண்டு கிடந்தால், சிறிய குழுவில் வெல்ச்சின் 5 சதவீதமும் ஆட்டம் காணும்.

அதனால் சோதனைக்கு முன் ஒவ்வொரு குழுவையும் புள்ளிகளாக வரைந்து பாருங்கள். 13 புள்ளிகளை வரைய ஒரு நிமிடம் போதும். தட்டச்சுப் பிழையால் வந்த ஒற்றை எண் வேரியன்ஸை ஊதிப் பெரிதாக்கியிருக்கலாம். சராசரி கூடக்கூடச் சிதறலும் கூடுகிறது என்று தெரிந்தால், மடக்கை எடுத்து ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கலாம்; அப்போது கேள்வி எத்தனை மைல் என்பதிலிருந்து எத்தனை மடங்கு என்பதற்கு மாறிவிடும். அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். கை கியர் கார்களின் மைலேஜ் 15-இலிருந்து 33.9 வரை பரவியிருக்கிறது. சிறிய ஹோண்டா சிவிக்கும் எட்டு சிலிண்டர் மஸராட்டி போராவும் ஒரே குழுவில் நிற்பதால் வந்த சிதறல் அது. வேரியன்ஸ் சமமில்லை என்பதே இங்கே ஒரு செய்தி. தானியங்கி கார்களின் சராசரி எடை 3,769 பவுண்டு, கை கியர் கார்களுடையது 2,411 பவுண்டு என்பதையும் பார்த்துவிட்டால், 7 மைல் வேறுபாட்டைக் கியர் பெட்டியின் கணக்கில் எழுத யாருக்கும் மனம் வராது. எந்த டி-சோதனையும் அதைச் சொல்லித்தராது.

அறிக்கையில் எழுதும்போது இவ்வளவு போதும்: தானியங்கி கியர் கார்களின் (19) சராசரி மைலேஜ் 17.15, திட்ட விலக்கம் 3.83, கை கியர் கார்களின் (13) சராசரி 24.39, திட்ட விலக்கம் 6.17. வேறுபாடு 7.24 மைல், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 3.21 முதல் 11.28 வரை; வெல்ச் டி-சோதனை, `t = 3.77`, `df = 18.3`, `p = 0.001`.